தூணுக்குள் இரண்டு அங்குலம்

அறைக்கு நட்டநடுவில் நின்றது அந்தத் தூண். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மேலே இருக்கும் ஏழு மாடி வீடுகளின் பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு, பல் மருத்துவமனை வரவேண்டிய இடத்தில் அசையமாட்டேன் என்று நின்றது. வீட்டுக்குப் பிடிக்காத மருமகனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார் பல் டாக்டரம்மா.

"இதை எடுக்கவே முடியாதாமே?" என்று கேட்டார்.

"எடுக்கலாம். மேல ஏழு மாடியையும் முதல்ல எடுத்துடணும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் வேலை எங்களுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் அறையை வடிவமைக்க வந்த இரண்டு பேரும் தூணைச் சுற்றிக் கண்ணாடி ஒட்டலாம், செயற்கைக் கொடி படரவிடலாம் என்று அலங்காரம் பேசியிருக்கிறார்கள். தடித்த மனிதருக்குக் கோடு போட்ட சட்டை மாட்டினால் ஒல்லியாகிவிடுவாரா? தூணை மறைக்க ஒட்டும் ஒவ்வொரு பலகையும் அதை இன்னும் பெருக்க வைக்கும், அவ்வளவுதான்.

நான் தூணுக்கு வேலை கொடுத்தேன். பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவ ஒரு தொட்டி வேண்டும், கழுவியதில் கிருமி நீக்க ஒரு இயந்திரம் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் படக்கூடாது. பக்கச் சுவருக்கும் தூணுக்கும் இடையே ஒரு கல்மேடை, அதன் முதுகில் ஆள் உயரத் தடுப்பு. தூண் அந்தத் தடுப்புக்கு முனை. தூணின் மறுபக்கம் சக்கர நாற்காலி போகும் வழி. டாக்டரம்மா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூண் இல்லாட்டி இப்படி வந்திருக்காதுல்ல?" என்றார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

வரைவது நான், அளவெடுப்பதும் செய்து பொருத்துவதும் என் தம்பி. அப்பா போன பிறகு நாங்கள் இருவருமாகக் கட்டிய தொழில் இது. வேலையாட்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் டேப்பம்மா. கையில் அளவு நாடா இல்லாமல் என்னைப் பார்த்தவர்கள் இல்லையாம். தம்பிக்குப் பட்டப்பெயர் கிடையாது. அவனை எல்லாருக்கும் பிடிக்கும், அதனால் தம்பி என்றே கூப்பிடுவார்கள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியைக் காட்டியே பாதி வேலையை முடித்துவிடுவான்.

அந்த நாட்களில் நான் வெளியூரில் ஒரு பள்ளிக்கூட வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அறையை அளந்து அவன்தான் சொன்னான்.

"சுவத்துக்கும் தூணுக்கும் நடுவுல அஞ்சடி இருக்குக்கா."

"பூச்சு, டைல்ஸ் எல்லாம் போகவா?"

"எல்லாம் போகத்தான். எனக்கே பாடமா?"

கட்டி முடித்த செங்கல் சுவரும் கான்கிரீட் ஊற்றி அச்சுப் பிரித்த தூணும் ஒரு அளவு காட்டும். பூசி, டைல்ஸ் ஒட்டினால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று தடித்து வரும். எங்கள் தொழிலில் முதல் வருடத்தில் எல்லாரும் ஒருமுறை சறுக்கி விழும் இடம் இது. தம்பி பல வருடம் பார்த்தவன். அவன் சொன்ன ஐந்தடியை வைத்து ஐந்தடிக்கு மேடை வரைந்தேன். ஒரே கல், நடுவில் இணைப்பு இல்லை. இடப்பக்கம் தொட்டி, வலப்பக்கம் இயந்திரத்துக்கான அறை. இயந்திரம் சூடாகும், சுற்றிலும் காற்று போக இடம் விட வேண்டும். ஆக, இழுத்துப் பிடித்த வரைபடம் அது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திரும்பி வந்தேன். பேருந்திலிருந்து இறங்கி நேராக அங்கேதான் போனேன். கதவைத் திறந்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாற்காலி வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. மேடை சுவரிலிருந்து தூண்வரை பளபளவென்று, நான் தாளில் பார்த்தது அப்படியே. கொத்தனார் ஒரு மூலையில் உட்கார்ந்து டைல்ஸ் சந்துகளை அடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்த மனிதர், அவர் பூசிய சுவரில் நாடாவை வைத்தால் குறை சொல்ல முடியாது.

"அம்மா வந்துட்டீங்களா" என்றார்.

"வந்துட்டேன். பிரமாதமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மேடையைத் தடவிக்கொண்டு தூண்வரை போனேன்.

அங்கே கை நின்றது. கல் வந்து தூணைத் தொட்டு நின்றால் அங்கே ஒரு விளிம்பு தெரியும், அந்தச் சந்தில் வெள்ளைப் பசை இழுத்திருப்பார்கள். இங்கே விளிம்பே இல்லை. ரொட்டிக்குள் கத்தி போவதுபோல் கல் தூணுக்குள் போயிருந்தது. மேலும் கீழும் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள்.

பழக்க தோஷம், நாடாவை எடுத்தேன். மேடைக்கு மேலே, சுவர் டைல்ஸிலிருந்து தூண் பூச்சுவரை நாலடி பத்து அங்குலம். மறுபடியும் அளந்தேன். நாலடி பத்துதான். மேடை ஐந்தடி. பட்டறையிலிருந்து கல் கிளம்பும்போது தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான், நாடாவோடு சேர்த்து.

அப்படியானால் மீதி இரண்டு அங்குலம் எங்கே?

கீழே உட்கார்ந்து, மேடைக்கு அடியில் கதவைத் திறந்து, தூண் பக்கமிருந்த மெல்லிய பலகையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு ஆணியில் நின்றது, கையோடு வந்துவிட்டது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூணின் அந்த முகம் முழுவதும் செதுக்கப்பட்டிருந்தது. பூச்சு மட்டுமில்லை, கான்கிரீட்டும். நெட்டுக் கம்பிகள் வெளியே தெரிந்தன. அந்தக் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் வளையங்களில் இரண்டை அறுப்பு இயந்திரத்தால் அறுத்து மடக்கியிருந்தார்கள். அறுத்த இடம் இன்னும் மின்னியது.

தூணின் அடிப்பகுதி. மேலே ஏழு மாடி. எந்தக் கேடுகெட்டவனும் கை வைக்காத இடம்.

"யாரு செஞ்சது இது?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "நான்தாம்மா."

"நீங்களா? உங்களுக்குத் தெரியாதா? தூணை யாராவது செதுக்குவாங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது குற்றம் செய்தவனின் முகமாக இல்லை, திகைத்தவனின் முகமாக இருந்தது. "நானும் அதைத்தாம்மா சொன்னேன். பூச்சை எடுக்கறேன், அதுக்கு மேல கை வைக்க மாட்டேன்னேன். தம்பி எவ்வளவோ சொல்லியும் மாட்டேன்னுட்டேன். அம்மா சொன்னா செய்யறேன்னேன். அப்புறம் நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?"

"போன்ல. தம்பி எல்லாருக்கும் கேக்கற மாதிரி வச்சாரு. கொத்தனாரு பயப்படறாருன்னாரு. பயப்பட என்ன இருக்கு, தாராளமா செய்யச் சொல்லுன்னு நீங்க சொன்னீங்க. என் காதால கேட்டேம்மா."

சொன்னேன். அப்படியே அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். பள்ளிக்கூட மாடிப்படியில் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அன்று காலையில் தம்பி தனியாகக் கூப்பிட்டிருந்தான். தூணில் ஒரு பக்கம் பூச்சு உப்பியிருக்கிறது, அதை உதிர்த்துவிட்டு மெல்லிசாகப் பூசலாமா என்று கேட்டான். செய்யேன் என்றேன். மதியம் மறுபடி கூப்பிட்டு, "காலைல சொன்னேனே அந்தத் தூண் விஷயம், செஞ்சுடலாம்லக்கா?" என்றான். ஒரு பூச்சு வேலைக்கு இரண்டு தடவை என்னைக் கேட்கிறானே என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டுக்கு வேறு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவன் என்னிடம் கேட்கவே இல்லை. என் குரலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு போய், கைவைக்க மறுத்த ஒரு நல்ல மனிதரின் காதில் ஊற்றியிருக்கிறான்.

அறைக்குள் யாரையும் விடவேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையில் தம்பி பலகைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கன்னத்துக் குழி விழுந்தது. என் கையிலிருந்த பலகையைப் பார்த்ததும் அது மறைந்தது.

"வளையத்தை அறுத்திருக்கியேடா" என்றேன்.

அவன் வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினான். பிறகு மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அளவு தப்பிப் போச்சுக்கா. பூசறதுக்கு முன்னாடி எடுத்தது. மேடை வந்து இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. உள்ள போகவே இல்ல."

"அப்போ எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஒரு சாயங்காலத்துல மாத்தி வரைஞ்சிருப்பேனே! தொட்டியைச் சின்னதாக்கி, மேடையை வெட்டி, என்னமோ செஞ்சிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்." அவன் என்னைப் பார்க்கவில்லை. "பூச்சு போகவான்னு நீ கேட்டப்போ எனக்கே பாடமான்னு கேட்டேன்ல. அதுக்கப்புறம் உன்கிட்ட வந்து தப்புன்னு சொல்றதுக்கு, தூணை உடைக்கிறது சுலபமாத் தெரிஞ்சுதுக்கா."

இதைக் கேட்டு அழுவதா அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு மாடியில் குழந்தைகள் தூங்குகிறார்கள். இவனுக்கு அக்கா முகத்தைப் பார்க்க வெட்கமாம்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லணும். இன்னைக்கே. கட்டடத்து இன்ஜினியரைக் கூப்பிட்டு முட்டு கொடுக்கணும்" என்றேன்.

"நானே சொல்றேங்க்கா. நான் செஞ்சது, நானே போய்ச் சொல்றேன். நீ சொல்லிட்டா நான் அங்க தலை நிமிர முடியாது. இன்ஜினியரையும் நானே வரச் சொல்றேன். காலைல நீ வா."

என் கையைப் பிடித்துக்கொண்டான். சொந்தத் தப்பைத் தானே போய்ச் சொல்கிறேன் என்கிறானே, அந்த மரியாதையையாவது அவனுக்கு விட்டுக்கொடுப்போம் என்று நினைத்தேன். "இப்பவே கிளம்பு. எதையும் மறைக்காதே" என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு என் கண்முன்னாலேயே கிளம்பினான். அவன் போனபோது, பரவாயில்லை, என் தம்பி ஆள் மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது!

காலையில் நான் போனபோது தூணின் இரண்டு பக்கமும் உத்தரங்களுக்கு அடியில் இரும்பு முட்டுகள் நின்றன. அடியில் பலகை போட்டு, திருகை இறுக்கி, முறையாகத்தான் செய்திருந்தார்கள். மேடையை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். இன்ஜினியர் தூணின் காயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க" என்றுகூடச் சொல்லவில்லை. "உங்களை நம்பித்தான் இந்த வேலையைக் கொடுத்தேன்" என்றார்.

"தப்பு நடந்திருக்கு, டாக்டர். அதுக்காகத்தான்..."

"மேல ஏழு மாடி இருக்குன்னு முதல் நாள் என்கிட்ட ஜோக் அடிச்சது நீங்கதானே? அப்புறம் எப்படி மேடை நுழையலேன்னதும் தூணைச் செதுக்கச் சொன்னீங்க?"

தம்பியைப் பார்த்தேன். விளக்கு தூணைவிட்டு விலகித் தரையில் விழுந்தது. அவன் தலை நிமிரவில்லை.

"நான் சொல்லல" என்றேன். "பூச்சை எடுக்கலாம்னுதான் சொன்னேன். கான்கிரீட்டைப் பத்தி என்கிட்ட யாரும் பேசவே இல்ல."

"உங்க தம்பி நேத்து சாயங்காலமே வந்துட்டாரு. அக்கா சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்லிடலாம்னு வந்தேன்னு அழுதாரு. அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்னு வேற கெஞ்சினாரு. அவரைச் சந்தேகப்படச் சொல்றீங்களா?"

என்னை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினானாம். கழுத்தை அறுத்துவிட்டு, இரத்தம் சட்டையில் படாமல் துடைத்தும்விட்டிருக்கிறான்.

"கொத்தனாரைக் கேளுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

கொத்தனார் வாசலருகே நின்றிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். என்னைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். "அம்மா குரல்தாங்க. தூண் விஷயம் செய்யலாமான்னு தம்பி கேட்டாரு. பயப்பட என்ன இருக்கு, தாராளமா செய்யச் சொல்லுன்னாங்க. அவங்க சொல்லாட்டி நான் தொட்டிருக்க மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லேன்னு சொல்ல முடியலம்மா" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தம்பியின் பொய்யை நான் எதிர்த்து நின்றிருப்பேன். இந்த உண்மையை எதைக் கொண்டு எதிர்ப்பது?

இன்ஜினியர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்பதில் அக்கறை இல்லை. அறுந்த வளையங்களுக்குப் பதில் புதியது கட்ட வேண்டும், தூணைச் சுற்றிப் புதிதாகக் கம்பி பின்னி, நாலு பக்கமும் நாலு நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் சட்டை போட வேண்டும் என்றார். அது இறுகும்வரை முட்டுகளைத் தொடக்கூடாது. திறப்பு விழாவை மறந்துவிடச் சொன்னார்.

"தூண் இன்னும் பெருசாகுமா?" டாக்டரம்மா கேட்டார்.

"ஆமா. இந்த மேடை இனி இங்க வராது. சக்கர நாற்காலி வழியும் குறையும். உள்ள எல்லாத்தையும் மறுபடி யோசிக்கணும்."

டாக்டரம்மா என் வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு என்னிடம், "நீங்க இனிமே வர வேணாம்" என்றார். "உங்க தம்பி முடிச்சுக் கொடுப்பாரு. தப்பை மறைக்காம வந்து சொன்னாரே, அந்த மனசு போதும் எனக்கு."

வாதாட வாயெடுத்தேன். ஆனால் எதைச் சொன்னாலும், மாட்டிக்கொண்டதும் தம்பி தலையில் கட்டப் பார்க்கிற அக்காவாகத்தான் தெரிவேன். அவர் முகத்தில் அது ஏற்கெனவே எழுதியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசல் படியில் தம்பி ஓடிவந்து என்னைப் பிடித்தான்.

"அக்கா, நில்லுக்கா. இந்த வேலையும் போயிட்டா பட்டறையையே மூட வேண்டியதுதான்னு பயந்துட்டேங்க்கா. நீ எங்க போனாலும் பிழைச்சுப்ப. உனக்குக் கையில தொழில் இருக்கு. எனக்கு இந்தச் சிரிப்பை விட்டா என்ன இருக்கு?"

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரே ஒரு உதவிக்கா. தூண் பெருத்துடுச்சுன்னா உள்ள எப்படி வைக்கிறதுன்னு எனக்கு ஒண்ணும் ஓடல. டிராயிங் மட்டும் போட்டுக் குடுத்துடு. உன் பேரு வேணாம். நான் போட்டதா கொடுத்துக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளமே இல்லை. சின்ன வயதில் வீட்டுப்பாடத்தை நீட்டிய அதே முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"போடறேன்" என்றேன். "இப்ப உள்ள வா. அன்னைக்குக் காலைல என்கிட்ட என்ன கேட்டேன்னு டாக்டரம்மா முன்னாடி, கொத்தனார் முன்னாடி சொல்லு. சாயங்காலத்துக்குள்ள டிராயிங் உன் கையில இருக்கும். பேரே போடாம தரேன்."

அவன் உள்ளே பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா இன்ஜினியரோடு பேசிக்கொண்டிருந்தார். தம்பி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க முன்னாடி மட்டும் வேணாம்க்கா. வீட்டுல, அம்மா முன்னாடி, எத்தனை தடவை வேணும்னாலும் ஒத்துக்கறேன். உன் கால்ல விழறேன்."

அவன் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். வீட்டில் அவன் காலில் விழுவான், எனக்குச் சந்தேகமில்லை. அம்மா அழுவாள், விட்டுக்கொடு என்பாள், இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லாம் சரியாகிவிடும். இந்தக் கண்ணாடிக் கதவுக்குள் மட்டும் நான்தான் தூணை உடைத்தவள்.

படியிறங்கினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, அந்த மெஷினை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு மட்டுமாவது சொல்லிட்டுப் போயேன்."

பதில் எனக்குத் தெரியும். இன்ஜினியர் நாலு அங்குலம் என்று சொன்னபோதே மனசு தானாக அறையைத் திருப்பிப் போட்டு, தொட்டியைச் சுவர்ப் பக்கம் விட்டு, இயந்திரத்தைத் தூணின் மறுமுகத்துக்குக் கொண்டுபோய், சக்கர நாற்காலிக்கு வழியும் கண்டுபிடித்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்தது. திரும்பாமல் நடந்தேன். தெருமுனை திரும்பிய பிறகும், நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்ளக் காத்திருப்பதுபோல், அந்த அறை என் தலைக்குள் தன்னைத்தானே வரைந்துகொண்டே இருந்தது. நடைபாதை என்றும் பாராமல் நின்று அழுதேன்.